கதை சொல்லியாச்சு, இனி ஜோடி பேசணும்: நடுவில் கையில் எதைக் கொடுப்பது?

கிருஷ்ணகிரியில் வாரம் மூன்று நாள் மாலையில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்கிறேன். பதினான்கு பேர் வருகிறார்கள். பாதிப்பேர் ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போக நினைக்கும் பெண்கள். மீதிப்பேரில் கடை வைத்திருப்பவர்கள், பாலிடெக்னிக் பையன்கள், பிள்ளையின் பாடத்தைப் பார்த்துச் சொல்லிக் கொடுக்க ஆசைப்படும் இரண்டு அம்மாக்கள். எல்லோருக்கும் ஆங்கில எழுத்து தெரியும், மெதுவாகப் படிப்பார்கள். பேசச் சொன்னால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும்.

இறந்தகால வினைகளைக் கதையாகச் சொல்லித் தொடங்குவது என் வழக்கம். ஆசிரியர் கதை சொல்வார், கற்பவர்கள் கேட்பார்கள், பிறகு இருவர் இருவராக அதே கதையைத் திரும்பச் சொல்வார்கள். காகிதத்தில் பார்க்க அழகான பாடம். நடத்தும்போது, கதைக்கும் ஜோடிப் பேச்சுக்கும் நடுவில்தான் வண்டி சேற்றில் மாட்டும். கதை முடிந்ததும் எல்லோரும் சிரிப்பார்கள். "சரி, இப்ப பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க" என்றால் அரை நிமிடம் அமைதி, அப்புறம் ஒரே தமிழ். கேட்டுப் புரிந்துகொள்வதற்கும் சொந்த வாயால் சொல்வதற்கும் இடையே ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலமாக நான் மூன்று பொருட்களை வைத்துப் பார்த்திருக்கிறேன்: படங்கள், பலகையில் இறந்தகால வினைப்பட்டியல், வினையின் மூலவடிவம் எழுதிய சீட்டுகள். எதை எப்போது எடுப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒப்பிடும்போது கதை ஒன்றாக இருந்தால்தான் நியாயம்.

"லாஸ்ட் சண்டே ஐ வென்ட் டு தி மார்க்கெட். ஐ பாட் மேங்கோஸ். ஐ டுக் தி பஸ் டு ராயக்கோட்டை. ஐ ஸ்லெப்ட் இன் தி பஸ். தி பஸ் கேம் டு ராயக்கோட்டை. ஐ காட் டவுன் வித் மை பேக். மை சிஸ்டர் ஓப்பன்ட் தி பேக். ஷி சா டொமேட்டோஸ்! ஐ ரேன் டு தி பஸ் ஸ்டாண்ட். ஐ சா ஆன் ஓல்ட் மேன் வித் மை பேக். ஹி ஏட் டூ மேங்கோஸ். ஹி செட், வெரி ஸ்வீட். ஹி கேவ் மீ தி பேக்."

பதிமூன்று வாக்கியம், பன்னிரண்டு வினை. சந்தைக்குப் போய் மாம்பழம் வாங்கி, பஸ்ஸில் தூங்கி, அதே மாதிரி மஞ்சப்பை வைத்திருந்த ஒரு தாத்தாவின் தக்காளிப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய கதை. ராயக்கோட்டை என்றாலே தக்காளி என்பதால் பையைத் திறந்ததும் என்ன இருந்திருக்கும் என்று பாதிப்பேர் முன்கூட்டியே கத்திவிடுவார்கள். அதில் தப்பில்லை. "சா" என்று நான் சொன்னதும் யாராவது ஒருத்தர் "சாவா மிஸ்?" என்று கேட்காமல் இருந்ததில்லை. அதற்கப்புறம் அந்த வினையை யாரும் மறப்பதில்லை.

பன்னிரண்டு வினையில் "ஓப்பன்ட்" மட்டும்தான் கடைசியில் ஒலி சேரும் வகை. மற்றதெல்லாம் உருவம் மாறும் வகை. இதை வேண்டுமென்றே செய்தேன். "வாக்ட்", "லாஃப்ட்" போன்றவற்றில் கடைசி ஒலி அடுத்த சொல்லோடு கரைந்துபோகும். கேட்பவர் காதில் "வாக்" என்றுதான் விழும். அது நேற்றா இன்றா என்று புதிதாகக் கற்பவருக்குத் தெரியாது. "கோ", "வென்ட்" இரண்டும் காதுக்கே வேறு வேறு சொல். எளிது என்று நினைத்து ஒலி சேரும் வகையில் ஆரம்பிப்பவர்கள் அப்புறம் "வாக்கெட்", "ஓப்பனெட்" என்று எழுத்தைப் பார்த்துப் படிக்கும் பழக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். "ட", "ட்ட" போன்ற ஒலியில் முடிகிற "வெயிட்", "நீட்" வகை வினைகளுக்கு மட்டும்தான் அந்தக் கூடுதல் அசை. அதை மூன்றாம் வாரத்துக்குத் தள்ளிவிடலாம்.

அதியமான் ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைச் சொன்னால் என்ன என்று தருமபுரியில் வகுப்பெடுக்கும் நண்பர் கேட்டார். தகடூர்க் கதை, எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பதுதான் சிக்கல். தெரிந்த கதையில் காதைத் தீட்டிக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. "கேவ்" என்பது காதில் விழாமலேயே கதை புரிந்துவிடும். அந்தக் கதையை நான்காவது, ஐந்தாவது பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் கதை ஆசிரியருக்கு நடந்ததாக இருப்பது நல்லது.

படங்கள்

ஆறு கட்டம் வரைந்து ஜெராக்ஸ் எடுத்தேன்: சந்தை, பஸ், தூக்கம், தக்காளி, ஓட்டம், தாத்தா. முதல் தடவை நன்றாகப் போகிற மாதிரியே இருந்தது. எல்லோரும் பேசினார்கள், தமிழ் குறைவு. பக்கத்தில் போய் நின்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. "ஷி இஸ் ஸ்லீப்பிங். ஷி இஸ் ரன்னிங். ஓல்ட் மேன் ஈட்டிங் மேங்கோ."

குறை அவர்களிடம் இல்லை. படம் கண்ணெதிரில் இருக்கிறது, கண்ணெதிரில் இருப்பதைச் சொல்லும்போது தமிழிலும் "தூங்கறாங்க" என்றுதான் வரும். படத்தில் இருப்பவர் போன ஞாயிற்றுக்கிழமை தூங்கியவர் இல்லை. இப்போது தாளில் தூங்கிக்கொண்டிருப்பவர். ஆக, இறந்தகாலம் பேசவைக்க நாம் நிகழ்காலத்தை நீட்டியிருக்கிறோம்.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. படத்தைப் பார்க்கலாம், ஆனால் பேசும்போது கவிழ்த்து வைக்க வேண்டும். பார், கவிழ், சொல். தாள் கவிழ்ந்ததும் படம் நினைவாகிவிடுகிறது. நினைவிலிருந்து சொல்லும்போது "ஸ்லெப்ட்" வருவதற்கு வாய்ப்பு கூடும். ஒவ்வொரு படத்தின் மேலும் "லாஸ்ட் சண்டே" என்று எழுதிவைத்தேன்; அதுவும் கொஞ்சம் உதவியது. என்றாலும் வினை தெரியாதவருக்குப் படம் வினையைத் தராது. "பாட்" மறந்துபோனவர் மாம்பழப் படத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது வரப்போவதில்லை. படம் தருவது கதையின் வரிசையை மட்டும். இந்தக் கதையில் யாருக்கும் வரிசை மறக்கவில்லை.

எழுத்தே தெரியாதவர்களுக்கு வகுப்பெடுப்பவர்கள் என்றால் பேச்சு வேறு. அங்கே படத்தை விட்டால் வழியில்லை.

பலகையில் வினைப்பட்டியல்

பன்னிரண்டு வினையையும் இறந்தகால வடிவத்தில், கதை வரிசையில், மேலிருந்து கீழாகப் பலகையில் எழுதுவது: வென்ட், பாட், டுக், ஸ்லெப்ட், கேம், காட், ஓப்பன்ட், சா, ரேன், ஏட், செட், கேவ். தயாரிப்பு என்று எதுவுமில்லை. ஒரு சாக்பீஸ் போதும்.

இதன் பலம் பயம் போவது. வகுப்பிலேயே கூச்சம் அதிகமுள்ள, பர்கூரிலிருந்து வரும் பெண்கூட இதைப் பார்த்துக்கொண்டு முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். பலவீனமும் அதிலேயே இருக்கிறது. அவள் பார்த்தது பலகையை, பக்கத்தில் இருந்தவளை இல்லை. குரல் ஒரே மட்டத்தில், வாய்ப்பாடு ஒப்பிப்பது போல. முடித்ததும் நான் கேட்டேன்: "வாட் டிட் தி ஓல்ட் மேன் ஈட்?" அவள் பட்டியலைத் தேடினாள். "ஏட்" இருந்தது. "டிட் ஏட் மேங்கோ, மிஸ்" என்றாள்.

இந்த ஒரு கேள்வி எனக்குப் பெரிய உதவி. பட்டியல் படிக்கிறார்களா, பேசுகிறார்களா என்று தெரிய வேண்டுமானால் பட்டியலில் நேராக இல்லாத ஒரு கேள்வியைக் கேளுங்கள். படிக்கிறவர் கண் பலகைக்குப் போகும். பேசுகிறவர் கண் உங்களைப் பார்க்கும்.

ஆனால் பட்டியலைக் கைவிட வேண்டியதில்லை. அழித்தால் போதும். முதல் சுற்றுக்குப் பன்னிரண்டும் பலகையில் இருக்கும். ஜோடி மாறி இரண்டாம் சுற்று வரும்போது நான்கை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கோடு போடுவேன். முதலில் அழிப்பது "வென்ட்", "கேம்" போல நன்றாகப் பழகியவற்றை. மூன்றாம் சுற்றுக்கு இன்னும் நான்கு. கடைசியில் "பாட்", "ஸ்லெப்ட்", "சா", "கேவ்" மட்டும் மிஞ்சும். கோடு இருக்கிற இடத்தில் ஒரு வினை இருந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். அது என்ன என்பதை மனசிலிருந்து இழுக்க வேண்டும். இழுக்கிற அந்த ஒரு நொடிதான் பாடம். பார்த்துப் படிக்கையில் அந்த நொடி வராது.

ஒரே கதையை ஆள் மாற்றி மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் குறைத்துச் சொல்லவைப்பதற்கு 4-3-2 என்று ஒரு பெயர் உண்டு: நான்கு நிமிடம், மூன்று, இரண்டு. புதிதாகக் கற்பவர்களுக்கு நான்கு நிமிடம் அதிகம், பேச அவ்வளவு சரக்கு இருக்காது. நான் இரண்டு நிமிடம், ஒன்றரை, ஒன்று என்று வைத்துக்கொள்கிறேன். அழிப்பதும் நேரக் குறைப்பும் ஒரே நாளில் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் மூச்சு முட்டும்.

மூலவடிவச் சீட்டு

மூன்றாவது வழியில் சீட்டில் "கோ", "பை", "டேக்", "ஸ்லீப்" என்று மூலவடிவம் மட்டும் இருக்கும். சொல்பவர் அதை இறந்தகாலமாக மாற்றிச் சொல்ல வேண்டும். வேலை கடினம், ஆனால் வேலை நடப்பது சரியான இடத்தில்.

இதை முதல் நாளே கொடுத்து வாங்கிக்கட்டிக்கொண்டேன். "ஐ கோ மார்க்கெட், பை மேங்கோ, டேக் பஸ், ஸ்லீப், தென் ஐ கேம் ராயக்கோட்டை." கடைசி வினை மட்டும் இறந்தகாலம். கொஞ்ச நாள் இதைச் சோம்பல் என்று நினைத்திருந்தேன். பிறகு அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன்: "சந்தைக்குப் போய், மாம்பழம் வாங்கி, பஸ் ஏறி, தூங்கி, ராயக்கோட்டை வந்தேன்." போய், வாங்கி, ஏறி, தூங்கி எல்லாம் எச்சம். காலத்தையும் ஆளையும் முழுசாகச் சுமப்பது கடைசியில் வரும் "வந்தேன்" ஒன்றுதான். தமிழில் கதை சொல்லும் முறையே அப்படி. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வினையும் தன் காலத்தைத் தானே சுமக்க வேண்டும். இதை இலக்கணமாகச் சொன்னால் தலைக்கு மேல் போகும். "போய், வாங்கி, ஏறி என்று கோக்காதீங்க. போனேன். வாங்கினேன். ஏறினேன். ஒவ்வொண்ணுக்கும் முற்றுப்புள்ளி" என்று சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். அதனால் நான் ஒரு வாக்கியத்துக்கு ஒரு சீட்டு என்று வைத்து, சொல்லி முடித்த சீட்டை மேசையில் தட்டென்று போடச் சொல்கிறேன். அந்தத் தட்டு முற்றுப்புள்ளி.

மூலவடிவச் சீட்டின் உண்மையான லாபம் வேறொரு இடத்தில் வருகிறது: எதிர்மறையில். பட்டியலை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் "டிட் நாட் வென்ட்" என்றுதான் சொல்வார்கள், எத்தனை தடவை திருத்தினாலும். சீட்டில் "கோ" இருப்பதால் அதையே கையில் காட்டி "டிட் நாட் கோ" என்று சேர்க்கலாம். இதற்குத் தமிழே கைகொடுக்கும். நாம் "போனவில்லை" என்று சொல்கிறோமா? "போகவில்லை" என்கிறோம். "இல்லை" வந்ததும் வினை இறந்தகாலத்தைக் கழற்றி வைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் "டிட் நாட்" வந்ததும் "வென்ட்" அதைப் போலவே "கோ" ஆகிறது. என் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசுபவர்களும் கன்னடம் பேசுபவர்களும் உண்டு, இந்த மாவட்டத்தில் அது சகஜம். தெலுங்கில் "வெள்ளலேது", கன்னடத்தில் "ஹோகலில்ல". இரண்டும் இதே கட்டுதான். மூன்று மொழிக்காரர்களும் ஒருவருக்கொருவர் தங்கள் சொல்லைச் சொல்லிக்காட்டிய அன்று, "டிட் நாட் வென்ட்" என்று ஒருவர் சொன்னால் இன்னொருவர் "போனவில்லையா?" என்று கிண்டலடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தத் திருத்தத்தை நான் செய்யவேண்டிய தேவை பெரும்பாலும் வரவில்லை.

கேட்பவருக்கு என்ன வேலை?

எந்தப் பொருளைக் கொடுத்தாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. கதை இருவருக்கும் தெரியும். அப்புறம் எதற்கு ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்க வேண்டும்? கேட்பவர் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார், சொல்பவர் சுருதி இறங்கிப்போவார்.

நான் செய்வது இது. ஜோடி பிரிவதற்கு முன், நானே கதையைத் தப்பாகத் திருப்பிச் சொல்வேன். "ஐ பாட் பனானாஸ்." "நோ மிஸ், மேங்கோஸ்!" என்று வகுப்பே கத்தும். "ஓ, யெஸ். ஐ டிட் நாட் பை பனானாஸ். ஐ பாட் மேங்கோஸ்." ஆறேழு பொய். எதிர்மறை வடிவம் காதில் அத்தனை தடவை விழுந்துவிடும், யாரையும் ஒப்பிக்கச் சொல்லாமலேயே. பிறகு ஜோடியில் அதே விளையாட்டு அவர்கள் கைக்குப் போகும்: சொல்பவர் கதையில் ஒரே ஒரு பொய் கலக்க வேண்டும், கேட்பவர் பிடிக்க வேண்டும். இப்போது கேட்பவருக்கு வேலை இருக்கிறது. "நோ! ஷி டிட் நாட் கோ டு சேலம்!" என்று யாராவது பாய்ந்தால் அன்றைக்குக் கூலி வந்துவிட்டது.

கவனித்தீர்களா, "ஐ" என்று நான் சொன்ன கதை அவர்கள் வாயில் "ஷி" ஆகிறது. நிகழ்காலமாக இருந்தால் "கோ" என்பதை "கோஸ்" என்று மாற்றத் திணறியிருப்பார்கள். இறந்தகாலத்தில் ஐ வென்ட், ஷி வென்ட், தே வென்ட், எல்லாம் ஒன்றே. போனேன், போனாள், போனார்கள் என்று வினையின் வாலை ஆளுக்கு ஆள் மாற்றிப் பழகிய நமக்கு இது சலுகை விலை. மாறவேண்டியது "மை", "மீ" போன்ற சொற்கள்தான். "மை பேக்" என்பது "ஹெர் பேக்" ஆக வேண்டும், "கேவ் மீ" என்பது "கேவ் ஹெர்" ஆக வேண்டும். அதில் எப்போதும் தவறுகிறார்கள். முதல் நாள் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறேன்.

பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து திருத்துவதையும் விட்டுவிட்டேன். சுற்றி வந்து மூன்று வாக்கியம் நோட்டில் குறித்துக்கொள்வேன், யார் சொன்னது என்று சொல்லாமல் கடைசியில் பலகையில் எழுதுவேன். அவர்களே திருத்துவார்கள்.

எதை எடுப்பது

ஒரு மணி நேர வகுப்பு, பத்துப் பதினைந்து பேர், மெதுவாகவாவது படிப்பார்கள் என்றால் என் ஓட்டு முதல் நாள் அழிக்கும் பட்டியலுக்கு. கதையை இரண்டு தடவை சொல்லப் பத்து நிமிடம், பொய்த் திருப்பத்துக்குப் பத்து, ஜோடிச் சுற்று மூன்றுக்கும் ஆள் மாறுவதற்கும் சேர்த்து இருபது, திருத்தத்துக்குப் பத்து. மிச்சம் பத்து நிமிடம் லேட்டாக வருபவர்களுக்கே போய்விடும். அதே கதையை அடுத்த வகுப்பில் மூலவடிவச் சீட்டோடு எடுங்கள். கதை பழகியிருப்பதால் முழுக் கவனமும் வினையை மாற்றுவதில் நிற்கும். புதுக் கதையையும் மூலவடிவச் சீட்டையும் ஒரே நாளில் வைத்தால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

பள்ளியில் நாற்பது நிமிடப் பீரியடில் நாற்பது பிள்ளைகள் என்றால் மூன்று சுற்றுக்கு இடமில்லை, ஆள் மாற்றவும் முடியாது, பெஞ்சு நகராது. அங்கே கதையைப் பாதியாக வெட்டுங்கள், "ஷி சா டொமேட்டோஸ்" என்பதோடு நிறுத்திவிடலாம். எட்டு வினை. முன்பெஞ்சு பின்பெஞ்சுப் பக்கம் திரும்பினால் ஜோடி தானாக வந்துவிடும். இரண்டு சுற்று, ஒரே அழிப்பு. தாத்தா மாம்பழம் தின்ற கதை மறுநாளைக்கு இருக்கட்டும், "அப்புறம் பை கிடைச்சுதா மிஸ்?" என்று வராந்தாவிலேயே வந்து கேட்பார்கள். பதிலை ஆங்கிலத்தில் மட்டும் சொல்லுங்கள்.